பழைய கண்காட்சி கேட்லாக்குகளிலிருந்து ஓவியரின் காலத்தைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாத்தா வரைந்த நாற்பது படங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றிலும் தேதி இல்லை. ட்ரங்குப் பெட்டியில் அவருடைய பழைய கண்காட்சி கேட்லாக்குகள் சில கிடைத்தன. இவற்றால் என்ன பயன்?

நிறையப் பயன் உண்டு. ஆனால் கேட்லாக் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் முதலிலேயே தெளிவு வேண்டும். இன்ன நாளில், இன்ன சுவரில், இன்ன தலைப்புள்ள படம் தொங்கியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தப் படம் எப்போது வரையப்பட்டது, ஓவியர் அப்போது எங்கே இருந்தார், படம் விற்றதா என்பவையெல்லாம் நாம் அதிலிருந்து உய்த்துணர வேண்டியவை.

ஒற்றைக் கேட்லாக் ஒரு பக்கத்து எல்லையைத்தான் தரும்: "இந்தத் தேதிக்கு முன்பே படம் முடிந்துவிட்டது." மறுபக்கத்து எல்லை வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். முந்தைய கேட்லாக்கில் அந்தப் படம் இல்லாதது ஒரு தடயம். தலைப்பிலேயே ஒளிந்திருக்கும் செய்தி இன்னொன்று. ஓவியரின் வேலை, விடுப்பு, கடிதங்கள் ஆகியவையும் உதவும். இரண்டு எல்லைகளையும் நெருக்கிக்கொண்டே வருவதுதான் முழு வேலையும்.

கீழே வரும் பதில்களில் ஒரே ஓவியரின் கதை திரும்பத் திரும்ப வரும். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர், நீர்வண்ணக்காரர், பிழைப்புக்குப் பள்ளி ஓவிய ஆசிரியர். அவருடைய பேத்தி மந்தைவெளியிலிருந்து ஒரு துணிப்பையில் கேட்லாக்குகளை அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் கொட்டினார். பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் "ஓவியர்" என்றே எழுதுகிறேன்.

கேட்லாக்கில் "பிப்ரவரி 9 சனி முதல் 14 வியாழன் வரை" என்று இருக்கிறது, ஆண்டைக் காணோம். இனி என்ன செய்வது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. அழைப்பிதழ் போல அச்சடிக்கப்பட்ட நாலு பக்க மடிப்புத்தாள்களில் ஆண்டு போடுவது அந்தக் காலத்தில் வழக்கமாக இருக்கவில்லை. அடுத்த வாரம் வரப்போகிற ஆளுக்கு ஆண்டு எதற்கு?

ஆனால் கிழமை போட்டிருக்கிறார்களே, அது போதும். ஒரு தேதி அதே கிழமையில் திரும்பி வர 5, 6 அல்லது 11 ஆண்டுகள் ஆகும். எனவே ஓவியரின் வாழ்நாளில் சில ஆண்டுகளே தேறும். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டலாம். கணினி பழகியவர்களுக்கு இந்த நாலு வரி:

```
import datetime
for y in range(1940, 1980):
    if datetime.date(y, 2, 9).weekday() == 5:
        print(y)
```

5 என்பது சனிக்கிழமை (திங்கள் 0 என்று எண்ணத் தொடங்கும்). இந்தக் கேட்லாக்குக்கு விடை 1946, 1952, 1957, 1963, 1974 என்று வந்தது. ஐந்து ஆண்டுகளில் ஒன்று. இனி உள்ளே இருக்கும் தடயங்களால் கழிக்க வேண்டும்.

அட்டையின் கீழ்மூலையில் "விலை அணா 4" என்று இருந்தது. இந்தியா 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு வந்த அச்சில் நயா பைசா வரும், 1964 ஜூனுக்குப் பிறகு வெறும் பைசா. அதனால் 1963, 1974 இரண்டும் அநேகமாக அடிபட்டுப்போகின்றன. "அநேகமாக" என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் இருபத்தைந்து பைசாவை நாலணா என்று சொல்வது அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது, மிச்சமிருந்த பழைய அட்டையை அச்சகத்தார் மறுபடி பயன்படுத்தியிருக்கலாம். ஒற்றைத் தடயத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

பட்டியலில் 8ஆம் எண் "குடியரசு நாள் விளக்குகள், மவுண்ட் ரோடு". 1950 ஜனவரி 26க்கு முன் அப்படியொரு நாளே இல்லை. ஆகவே 1946 போயிற்று. மிச்சம் 1952, 1957.

இங்கேதான் 14ஆம் எண் கைகொடுத்தது: "கர்னூல், ஆந்திரத் தலைநகரம்". ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1 அன்று பிறந்தது, கர்னூல் அதன் தலைநகரம். 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் உருவானபோது தலைநகரம் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. 1952இல் யாரும் கர்னூலைத் தலைநகரம் என்று எழுதியிருக்க முடியாது. ஆகவே கண்காட்சி 1957 பிப்ரவரியில் நடந்தது.

இன்னொரு லாபமும் இதில் உண்டு. கண்காட்சி நடந்த நாளில் கர்னூல் தலைநகரமாக இல்லை. பழைய தலைப்போடுதான் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார். அப்படியென்றால் படம் வரையப்பட்டது, அல்லது குறைந்தபட்சம் பெயரிடப்பட்டது, 1953 அக்டோபருக்கும் 1956 அக்டோபருக்கும் இடையில். கேட்லாக்கின் தேதியும் படத்தின் தேதியும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்கு இதுவரை அகப்படவில்லை.

இப்படி ஊகித்த ஆண்டு சரிதானா என்று எப்படி உறுதி செய்வது?

செய்தித்தாள்தான் வழி. தேதி தெரிந்துவிட்டதால் தேட வேண்டியது ஒரே வாரம். "இன்றைய நிகழ்ச்சிகள்" போன்ற சின்ன எழுத்துப் பத்தியைப் பாருங்கள். விமர்சனத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். 1957 பிப்ரவரி என்பது இரண்டாவது பொதுத் தேர்தல் நெருங்கிய நேரம், பக்கமெல்லாம் வேட்பாளர்கள். நம் ஓவியருக்குக் கிடைத்தது இரண்டே வரி.

அந்த இரண்டு வரியில் ஒன்று, கண்காட்சி 16ஆம் தேதி வரை நீட்டிக்கப்பட்டதாகச் சொன்னது. கேட்லாக்கில் அச்சாகியிருப்பது திட்டம். நடந்தது சற்றே வேறாக இருக்கும். அச்சான தேதியில் திறக்காமலே போன கண்காட்சிகளும் உண்டு. தனியாக ஒரு கேட்லாக் மட்டும் கையில் இருந்தால் "நடத்தத் திட்டமிடப்பட்டது" என்று குறித்துக்கொள்வதுதான் நேர்மை.

1957 கேட்லாக்கில் காஷ்மீர்ப் படங்கள் இருக்கின்றன. அப்படியானால் அந்த ஆண்டில்தான் காஷ்மீர் போனார் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. ஆனால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் சுவையானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை வேறு. ஓவியரின் மூத்த மகளுக்கு நன்றாக நினைவிருந்தது: "அப்பா காஷ்மீர் படம் போட்டது சீனச் சண்டை நடந்த வருஷம்." அதாவது 1962. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த பெரிய தால் ஏரித் தைலவண்ணப் படத்துக்கும் அந்த ஆண்டையே சொல்லிவந்தார்கள்.

பையிலிருந்த மூன்று கேட்லாக்குகளை வரிசையாக வைத்தோம். 1955 டிசம்பரில் நடந்த தனிக் கண்காட்சியில் 34 படங்கள், காஷ்மீர் ஒன்றுகூட இல்லை. 1957 பிப்ரவரியில் 41 படங்கள், 27 முதல் 33 வரை ஏழும் காஷ்மீர், ஏழும் நீர்வண்ணம். 1963 நவம்பரில் 30 படங்கள், அவற்றில் மூன்று காஷ்மீர், மூன்றும் தைலவண்ணம்.

1957இலேயே ஏழு படங்கள் தொங்கியிருக்கும்போது முதல் பயணம் 1962ஆக இருக்க முடியாது. அதுவரை எளிது. பயணத்தின் மேல் எல்லை 1957 பிப்ரவரி. கீழ் எல்லை 1955 டிசம்பர் என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 29ஆம் எண்ணின் தலைப்பு "சினார் மரங்கள், இலையுதிர் காலம்". காஷ்மீரில் சினார் சிவப்பது அக்டோபர் பாதிக்கு மேல், நவம்பர் வரை. 1956இன் இலையுதிர்காலம் பொருந்துகிறது. 1955இன் இலையுதிர்காலமும் பொருந்துகிறதே! நவம்பரில் ஊர் திரும்பிய மனிதர் டிசம்பர்க் கண்காட்சிக்குள் படங்களை முடித்து, சட்டம் போட்டு, கேட்லாக்குக்குத் தலைப்பும் கொடுத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்லாக் அச்சுக்குப் போவது கண்காட்சிக்குச் சில வாரங்கள் முன்பு. பட்டியலில் இல்லாதது பயணம் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆகக் கேட்லாக்குகள் நம்மை இரண்டு இலையுதிர்காலங்கள் வரை கொண்டுவந்து விட்டுவிட்டன. அதற்கு மேல் அவற்றால் முடியாது. முடிச்சை அவிழ்த்தது அவருடைய பள்ளிப் பணிப்பதிவேட்டின் நகல். 1956 அக்டோபரில் தொடங்கி ஒரு மாத ஈட்டிய விடுப்பு. 1955 அக்டோபர், நவம்பரில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. ஆசிரியராக இருந்ததன் பலன் அது. முழுநேர ஓவியராக இருந்திருந்தால் இப்படியொரு தாள் கிடைத்திருக்காது.

அப்படியானால் மகளின் நினைவு பொய்யா? பொய் இல்லை. அவர் சொன்ன வார்த்தையைத் திரும்பக் கேளுங்கள்: "படம் போட்டது" என்றார், "போனது" என்று சொல்லவில்லை. 1956இல் எடுத்துவந்த கோட்டுச் சித்திரங்களை வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகள் கழித்துச் சீனப் போர் நாள்களில் வீட்டில் உட்கார்ந்து தைலவண்ணத்தில் வரைந்திருக்கிறார். அந்தப் படங்கள்தாம் 1963 நவம்பரில் காட்சிக்கு வந்தன. கேட்டவர்கள்தாம் அதைப் பயணமாக மாற்றிவிட்டார்கள். கூடத்துப் படத்துக்கு 1962 சரி, பயணத்துக்கு 1956 சரி.

இப்படிப் பல ஆண்டு கழித்து வரைவது அரிதா?

அரிதே இல்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1786 முதல் இந்தியாவில் சுற்றி, 1792இல் மதராஸிலிருந்து கிளம்பித் தென்கோடி வரை போய்வந்து, 1794இல் இங்கிலாந்து திரும்பினார்கள். அதன்பின் அவர்கள் இந்தியா வரவில்லை. ஆனாலும் லண்டன் ராயல் அகாடமியின் ஆண்டுக் கண்காட்சிகளில் அவர்களுடைய இந்தியக் காட்சிகள் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கேட்லாக்குகளை மட்டும் வைத்துப் பயணம் கணித்தால், அவர்கள் முதுமை வரை இங்கேயே நடந்து திரிந்ததாக ஆகிவிடும்.

மதராஸுக்கு வந்த பிரிட்டிஷ் ஓவியர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ராயல் அகாடமியின் கண்காட்சிக் கேட்லாக்குகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1769 முதல் 1904 வரை யார் எதைக் காட்டினார்கள் என்று ஆல்ஜெர்னன் கிரேவ்ஸ் எட்டுத் தொகுதிகளில் தொகுத்தும் வைத்திருக்கிறார்.

பட்டியலில் "மீனவர் குப்பம்" என்று மட்டும் இருக்கிறது. எங்களிடம் மூன்று மீனவர் குப்பப் படங்கள் இருக்கின்றன. எது அது?

தலைப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து மடிப்புத்தாளில் அளவும் இருக்காது, படமும் இருக்காது. எண், தலைப்பு, விலை, அவ்வளவுதான்.

ஆனால் விலையை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான நீர்வண்ணக்காரர்கள் படத்தின் அருமை பார்த்து விலை வைப்பதில்லை, தாளின் அளவு பார்த்துத்தான் வைத்தார்கள். நீர்வண்ணத்தாள் 'இம்பீரியல்' என்ற அளவில் வரும்: 30க்கு 22 அங்குலம். அதைப் பாதியாக மடித்தால் 22க்கு 15. மறுபடி மடித்தால் 15க்கு 11. நம் ஓவியரின் 1957 பட்டியலில் மூன்றே விலைகள்: 60, 110, 200 ரூபாய். கால் தாள், அரைத் தாள், முழுத் தாள் என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது. "மீனவர் குப்பம்" 110 ரூபாய். வீட்டிலிருந்த மூன்றில் அரைத் தாள் ஒன்றே ஒன்று. சட்டத்தோடு அளக்காதீர்கள், மவுண்ட் அட்டை ஓரத்தை மறைத்திருக்கும். தாளை அளக்க வேண்டும்.

பிறகு பின்பக்கம். கண்காட்சிக்குப் படம் வந்து சேரும்போது பென்சிலால் எண் எழுதுவார்கள், அல்லது சிறு சீட்டு ஒட்டுவார்கள். அரைத் தாள் படத்தின் பின்னட்டையில் வட்டத்துக்குள் 19 இருந்தது, பட்டியலிலும் 19. இரண்டும் சேர்ந்தபோதுதான் நான் ஒப்புக்கொண்டேன். ஒன்று மட்டும் பொருந்தினால் "இருக்கலாம்" என்றே எழுதுவேன்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். இதே தொகுப்பில் ஆறு படங்களைப் "புதுப்பிக்க" ஒரு ஃப்ரேம் கடையில் கொடுத்திருந்தார்கள். பளபளவென்று திரும்பி வந்தன. பழைய பின்னட்டை ஆறும் குப்பைக்குப் போயிருந்தன, எண்களோடும் சீட்டுகளோடும். கரையான் அரித்திருந்தாலும் சரி, பின்னட்டையைப் படம் பிடிக்காமல் கடைக்கு அனுப்பாதீர்கள். கழற்றியதைத் திருப்பித் தரும்படி எழுதியே கொடுங்கள்.

ஒரே படத்துக்குக் கேட்லாக்குக்குக் கேட்லாக் தலைப்பு மாறுமா?

மாறும். ரவி வர்மாவுக்கே அந்தக் கதிதான். 1873இல் மதராஸ் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த படத்தை, கூந்தலில் பூச்சூடும் நாயர்ப் பெண் என்று சிலரும், ஒப்பனை செய்யும் நாயர்ப் பெண் என்று சிலரும் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியிலும் அவர் பரிசு பெற்றார். தலைப்பை மட்டும் வைத்து எண்ணுகிறவர் ஒரு படத்தை இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணிவிடுவார்.

நம் காலத்து ஓவியர்களும் குறைந்தவர்கள் இல்லை. சென்னையில் "கபாலீசுவரர் குளம்" என்று காட்டியதை டெல்லிக்கு அனுப்பும்போது "தென்னிந்தியக் கோயில் குளம்" ஆக்கிவிடுவார்கள். குழுக் கண்காட்சியில் தலைப்பைத் தட்டச்சு செய்தவர் தம் பங்குக்கு எதையாவது சேர்ப்பார். நேர்மாறாக, "நிலக்காட்சி" என்ற ஒரே தலைப்பில் பத்துப் படங்களும் இருக்கும்.

சில எண்களுக்கு அருகே சிவப்பு மையில் புள்ளி வைத்திருக்கிறது. அவையெல்லாம் விற்றவைதானே?

முதலில் அது யாருடைய பிரதி என்று கேளுங்கள். ஓவியர் கையிலிருந்த பிரதியா, கண்காட்சி மேசையில் இருந்ததா, பார்க்க வந்த யாரோ ஒருவருடையதா? பார்வையாளர் வைத்த குறி "எனக்குப் பிடித்தது" என்றுகூடப் பொருள்படும். கையெழுத்தை ஓவியரின் கடிதங்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நம் 1957 பிரதி ஓவியருடையதுதான். அதில் பதினோரு புள்ளிகள். குடும்பத்தார் பதினோரு படம் விற்றதாகவே சொல்லிவந்தார்கள். ஆனால் அவருடைய வரவு செலவு நோட்டில் அந்தக் கண்காட்சிக்கு எட்டு வரவுகள்தாம் இருந்தன. கால் தாள் நான்கு, அரைத் தாள் மூன்று, முழுத் தாள் ஒன்று. பட்டியல் விலைப்படி 770 ரூபாய் வர வேண்டும், நோட்டில் 690. எண்பது ரூபாய் பேரத்தில் போயிருக்கிறது. கேட்லாக்கில் அச்சான விலை கேட்ட விலை, வாங்கிய விலை வேறு.

மிச்சம் மூன்று புள்ளிகள்? புள்ளியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது எட்டு முழுவட்டமாகவும் மூன்று அரைவட்டமாகவும் இருந்தன. அரைப் புள்ளி என்றால் ஒருவர் கேட்டிருக்கிறார், இன்னும் பணம் தரவில்லை என்பது பல கூடங்களில் உள்ள வழக்கம். அந்த மூவரில் இருவர் பிறகு வந்து வாங்கினார்களா என்பதற்கு நோட்டில் ஏதும் இல்லை. மூன்றாவது, 12ஆம் எண், 1959இல் ஒரு குழுக் கண்காட்சிப் பட்டியலில் அதே தலைப்போடு 90 ரூபாய்க்கு மறுபடி வந்து நிற்கிறது. 1957இல் அது 110. விற்பனை முறிந்து, விலையும் இறங்கியது என்று படித்தேன். விற்றுப்போன படத்தையே மறுபடி வரைந்து கொடுத்திருக்கலாம் என்ற வாய்ப்பும் உண்டு. விலை இறங்கியதால் அதைவிட முதல் விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

"விற்பனைக்கு அல்ல" என்று போட்டிருப்பதையும் சந்தேகத்தோடு படியுங்கள். வீட்டுப் படமாகவும் இருக்கலாம், முன்பே விற்று உரிமையாளரிடம் இரவல் வாங்கிவந்ததாகவும் இருக்கலாம். பெயர் போட்டு "இரவல்" என்று எழுதியிருந்தால் அது பொக்கிஷம், அதற்கு முன்பே விற்பனை நடந்துவிட்டது என்று பொருள்.

கேட்லாக்கில் ஓவியர் பெயருக்குக் கீழே முகவரி இருக்கிறது. அவர் அப்போது அங்கேதான் வாழ்ந்தாரா?

கடிதம் போய்ச் சேரும் இடம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க் கண்காட்சிக்குப் படம் அனுப்பும்போது அங்கேயுள்ள உறவினர் முகவரியைக் கொடுப்பது வழக்கம், விற்காத படத்தைத் திரும்ப எடுத்துவர ஆள் வேண்டுமே. ஆனால் ஆண்டு இல்லாத தாளுக்கு முகவரி நல்ல தடயம். "மதராஸ்-4" என்பதோடு நின்றால் ஒரு காலம், ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் நிச்சயம் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின். தலைகீழாகச் சொல்ல முடியாது. குறியீடு வந்த பிறகும் பழக்கதோஷத்தில் "மதராஸ்-4" என்றே அச்சடித்தவர்கள் உண்டு.

படத்தின் பின்னால் ஓவியரே "1958" என்று எழுதியிருக்கிறார். அதே படம் 1957 கேட்லாக்கில் இருக்கிறது. யாரை நம்புவது?

தலைப்பும் அளவும் பின்பக்க எண்ணும் பொருந்தினால் கேட்லாக்கை. ஓவியர்கள் பல ஆண்டு கழித்து, முதுமையில், யாரோ கேட்டதற்காக உட்கார்ந்து வரிசையாகத் தேதி போடுவார்கள். ஒரே பேனா, ஒரே மை, இருபது படங்கள் என்றால் அது ஒரே நாளில் நினைவிலிருந்து போட்டது.

சென்னையில் இத்தகைய கேட்லாக்குகளை எங்கே தேடலாம்?

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் பலரும் முதலில் ஓடுகிறார்கள். 1954 சட்டப்படி அங்கே நூல்கள் வந்து சேர வேண்டும் என்பது உண்மை. ஆனால் நாலு பக்க மடிப்புத்தாளை யாரும் நூல் என்று கருதி அனுப்பவில்லை. அங்கே போவதானால் செய்தித்தாளுக்காகவும் பெரிய ஆண்டுக் கண்காட்சிக் கேட்லாக்குகளுக்காகவும் போங்கள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் இருக்கின்றன. 1955இல் தொடங்கிய தேசியக் கலைக் கண்காட்சிகளுக்கு, கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் விசாரிக்கலாம்.

ஓவியர் வெளியூருக்கும் படம் அனுப்பினார் என்றால் 1888இல் தொடங்கிய பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் ஆண்டுக் கண்காட்சிகளையும் கணக்கில் சேருங்கள். ஆண்டுக் கேட்லாக்குகளில் விதிமுறைப் பக்கம் இருந்தால் விடாமல் படியுங்கள். முன்பு காட்டிய படம் ஏற்கப்படாது, இத்தனை ஆண்டுக்குள் வரைந்ததாக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருந்தால், நாம் தேடும் கீழ் எல்லை இலவசமாகக் கிடைத்துவிடும்.

ஆனால் மடிப்புத்தாள் கிடைக்கும் உண்மையான இடம் மற்ற ஓவியர்களின் வீடு. கூட்டுக் கண்காட்சியில் பத்துப் பேர் பங்கேற்றால், பத்துப் பேர் வீட்டிலும் அந்தத் தாள் இருந்திருக்கும். 1944இல் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கத்திலோ 1966இல் உருவான சோழமண்டலத்திலோ உங்கள் ஓவியருக்கு நண்பர்கள் இருந்தால் அவர்களின் பிள்ளைகளைத் தேடுங்கள். நம் 1959 பட்டியல் அப்படித்தான் கிடைத்தது, வேறோர் ஓவியரின் மகன் வீட்டில், ஒரு டெலிபோன் டைரக்டரிக்குள் புத்தகக்குறியாக.

எல்லாவற்றையும் எப்படிக் குறித்து வைப்பது?

படத்துக்கு ஒரு வரி என்று தொடங்குகிறவர்கள் பாதியில் சிக்கிக்கொள்வார்கள். ஒரு படம் ஒரு கண்காட்சியில் தோன்றிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி போடுங்கள். கண்காட்சியின் நாள், அந்த நாள் அச்சில் உள்ளதா நீங்கள் கணித்ததா, பட்டியல் எண், தலைப்பு அச்சானபடியே, எழுத்துப் பிழை உட்பட, விலை, கையால் இட்ட குறி, பிரதி யாருடையது. இது எந்த வீட்டுப் படம் என்ற உங்கள் ஊகத்தைக் கடைசிப் பத்தியில் தனியாக வையுங்கள். அது மாறும், முன்னால் உள்ளவை மாறா.

கடைசியில் படத்தின் கீழ் என்ன ஆண்டு போடுவது?

தெரிந்ததை மட்டும். கூடத்துத் தால் ஏரிப் படத்துக்கு அந்தக் குடும்பம் "1962" என்று பித்தளைத் தகடு அடிக்க விரும்பியது. மகளின் நினைவு ஒன்று, 1963 நவம்பர்க் கேட்லாக் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன, ஆனால் 1963 முற்பகுதியில் முடித்திருக்க முடியாது என்று சொல்ல எதுவும் இல்லை. கடைசியில் தகட்டில் வந்தது இது: "தால் ஏரி, தைலவண்ணம், 1962–63, 1956 பயணக் கோட்டுச் சித்திரங்களிலிருந்து." கர்னூல் படத்துக்கு "1953–56, முதற்காட்சி 1957". தகடு சற்று நீளமாகிவிட்டதென்று மூத்த மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.